திரைப்பதிவுப் பாடங்களின் கோப்பளவைக் குறைத்தல்

மென்பொருள் ஒன்றைக் கற்பிக்கும்போது கணினித் திரையை அப்படியே பதிவுசெய்து உருவாக்கும் காணொளி திரைப்பதிவுப் பாடம் எனப்படும். இதில் பெரும்பாலான நேரம் சுட்டியும் சில எழுத்துகளும் மட்டுமே மாறுகின்றன. இருந்தும் கோப்பு பெரிதாவதற்குக் காரணம் பதிவின் அமைப்பே.

எடுத்துக்காட்டாக, 20 நிமிடப் பாடம் ஒன்று நொடிக்கு 2500 கிலோபிட் என்ற நிலையான வீதத்தில் பதிவானால், திரை அசையாவிட்டாலும் காட்சிக்கு மட்டும் 375 மெகாபைட் ஆகும். இதற்குப் பதிலாகத் தரத்தை நிலையாக வைத்து, அளவைக் குறியாக்கியே முடிவுசெய்ய விடுவது முதல் படி. எஃப்எஃப்எம்பெக் கருவியில் கட்டளை இவ்வாறு அமையும்:

```
ffmpeg -i in.mkv -vf fps=10 -c:v libx264 -preset slow -crf 24 -tune stillimage -g 100 -pix_fmt yuv420p -c:a aac -ac 1 -b:a 48k out.mp4
```

சட்டக வீதம்

`fps=10` என்பது நொடிக்கு 10 சட்டகங்களை மட்டும் வைத்துக்கொள்ளும். 30 சட்டகங்கள் 10 ஆனால் கோப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடாது. மாறாத சட்டகத்திற்கு "முன்பிருந்ததே" என்ற சிறு குறிப்பை மட்டுமே குறியாக்கி எழுதுகிறது. அதை நீக்குவதால் மிச்சம் குறைவு. பக்கத்தை உருட்டும்போதும் சாளரங்கள் நகரும்போதும்தான் உண்மையான சேமிப்பு கிடைக்கிறது. வீதத்தை 5 ஆக்கினால் சுட்டி தாவித் தாவிச் செல்லும். எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை மாணவர் தவறவிடலாம்.

முதன்மைச் சட்டகம்

முந்தைய படத்தைச் சாராமல் முழுத்திரையையும் சேமிக்கும் சட்டகம் இது. அசையாத காட்சியில் கோப்பின் கணிசமான பகுதி இதற்கே செலவாகிறது. குறியாக்கியின் இயல்பான உச்ச இடைவெளி 250 சட்டகங்கள். நொடிக்கு 10 சட்டகங்கள் என்றால் அது 25 நொடி. அவ்வளவு இடைவெளி இருந்தால், ஒரு படியை மீண்டும் பார்க்கப் பின்னோக்கி நகர்த்தும்போது காணொளி தாமதிக்கும், அல்லது வேறு இடத்தில் போய் நிற்கும். `-g 100` அதை 10 நொடியாக்குகிறது.

எழுத்தின் தெளிவு

`stillimage` எழுத்தின் ஓரங்களை மழுக்கும் வடிகட்டலைக் குறைக்கிறது. அதன் நோக்கம் தெளிவே. அளவைக் குறைப்பது அன்று. புதிய பக்கம் திறந்ததும் சிறிய எழுத்துகள் மங்கலாகத் தோன்றிப் பிறகு தெளிந்தால் `crf` எண் அதிகம் என்று பொருள்; 20 வரை குறைத்துப் பார்க்கலாம். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தின் ஓரம் கசிந்தால் `crf` உதவாது. `yuv420p` நிற விவரத்தைக் குறைத்துச் சேமிப்பதே அதற்குக் காரணம். `yuv444p` அதைச் சரிசெய்யும். ஆனால் பல கைப்பேசிகளில் அது இயங்காது.

ஒலி

காட்சி சுருங்கியபின் ஒலியே பெரும்பங்காகலாம். நொடிக்கு 128 கிலோபிட் ஒலி 20 நிமிடத்திற்கு 19.2 மெகாபைட், ஒற்றைத் தடத்தில் 48 கிலோபிட் என்றால் 7.2 மெகாபைட். பேச்சுக்கு இது போதும்.

முழுப் பாடத்தையும் மாற்றுமுன், உருட்டலும் சிறிய எழுத்தும் உள்ள ஒரு நிமிடப் பகுதியை மட்டும் மாற்றி, அதைக் கைப்பேசியில் பார்த்துச் சரிபார்ப்பது நல்லது. மூலப் பதிவை அழிக்கக் கூடாது. இழந்த சட்டகங்களைப் பின்னர் மீட்க இயலாது.