அழித்தும் காலியாகாத மேக்

ஆப்பிள் மேக்கில் பேக்கப் எடுக்கும் டைம் மெஷின், வெளி டிஸ்க்கில் மட்டும் நகல் வைப்பதில்லை. தானியங்கி பேக்கப் மணிக்கொரு முறை நடக்கும்படி இருந்தால், அந்த வெளி டிஸ்க் செருகப்படாத நேரத்திலும் லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கிலேயே ஒவ்வொரு மணி நேரமும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கிறது. அது சுமார் 24 மணி நேரம் இருக்கும். கடைசியாக வெற்றிகரமாக முடிந்த பேக்கப்பின் ஸ்னாப்ஷாட் மட்டும், இடம் தேவைப்படும் வரை தனியாகத் தங்கும்.

ஸ்னாப்ஷாட் என்பது ஃபைல்களின் இன்னொரு பிரதி அல்ல. 2017-இல் ஹை சியரா பதிப்போடு மேக்குக்கு வந்த ஏ.பி.எஃப்.எஸ். என்ற ஃபைல் அமைப்பு, அந்த நொடியில் டிஸ்க்கில் எந்தெந்தத் துண்டுகள் பயன்பாட்டில் உள்ளன என்று குறித்துக்கொண்டு, அவற்றின் மேல் எதையும் எழுதவிடாமல் காக்கிறது. அதனால் எடுத்த கணத்தில் ஸ்னாப்ஷாட்டுக்கு இடமே பிடிக்காது. பிறகு ஒரு ஃபைலை அழித்தாலும் மாற்றினாலும் பழைய துண்டுகள் விடுபடாமல் நிற்கும். இடம் போவது அப்போதுதான்.

256 ஜி.பி. டிஸ்க் உள்ள லேப்டாப்பில் வீடியோ எடிட் செய்பவர் ஒருவர், காலை எட்டரைக்கு 60 ஜி.பி. காட்சிகளை ஏற்றுகிறார் என்று கொள்வோம். 9, 10, 11 மணிகளுக்கு மூன்று ஸ்னாப்ஷாட்கள் விழுகின்றன. பதினொன்றரைக்கு வேலை முடிந்து காட்சிகளை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்கிறார். ஆனாலும் 60 ஜி.பி. திரும்பவில்லை, ஏனென்றால் மூன்று ஸ்னாப்ஷாட்களும் அதே துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஃபைண்டரோ இந்த இடத்தையும் காலி இடத்தோடு சேர்த்தே காட்டும். தேவை வந்தால் மேக் தானே விடுவித்துக்கொள்ளும் என்பது அதன் கணக்கு. பெரும்பாலும் அப்படியே நடக்கும். ஆனால் உண்மையான காலி இடத்தைப் பார்க்கும் சில செயலிகள், திரையில் 70 ஜி.பி. காலி என்று இருக்கும்போதே இடம் போதவில்லை என்று நின்றுவிடும்.

சந்தேகம் வந்தால் டெர்மினலைத் திறந்து இப்படிக் கேட்கலாம்:

```
tmutil listlocalsnapshots /
```

பட்டியலில் `com.apple.TimeMachine.2025-03-14-101502.local` போன்ற பெயர்கள் வரும். நடுவில் இருப்பது எடுத்த தேதியும் நேரமும். `com.apple.os.update` என்று தொடங்கும் பெயர் தென்பட்டால் அதைத் தொடக் கூடாது. அது இயங்குதளத்துக்கு உரியது.

டெர்மினல் வேண்டாம் என்றால், மான்டெரே பதிப்பு முதல் டிஸ்க் யுட்டிலிட்டியிலும் இவற்றைப் பார்க்கலாம். Data என்ற வால்யூமைத் தேர்ந்து, View மெனுவில் Show APFS Snapshots என்பதை அழுத்தினால் போதும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். Private Size என்ற பத்தியில் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் சில எம்.பி. மட்டுமே இருக்கும். அது அந்த ஒன்று மட்டும் தனியாகப் பிடித்திருக்கும் அளவு. மேலே சொன்ன 60 ஜி.பி. மூன்றுக்கும் பொதுவானதால் யார் கணக்கிலும் வராது. பத்து மணி ஸ்னாப்ஷாட்டை மட்டும் நீக்கினால் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. மூன்றையும் நீக்கினால்தான் மொத்த இடமும் விடுபடும்.

ஒன்றொன்றாக நீக்க, பெயரிலுள்ள தேதியைக் கொடுக்க வேண்டும்:

```
sudo tmutil deletelocalsnapshots 2025-03-14-101502
```

எதை நீக்குவது என்று தேடாமல், இவ்வளவு இடம் வேண்டும் என்று சொல்லி மேக்கையே குறைக்கச் செய்வது எளிது:

```
sudo tmutil thinlocalsnapshots / 60000000000 4
```

அளவை பைட்டில் தர வேண்டும். 60-ஐ அடுத்து 9 பூஜ்யம் என்றால் 60 ஜி.பி. கடைசி எண் அவசரத்தின் அளவு. 1 முதல் 4 வரை தரலாம், 4 மிக அவசரம். முடிந்ததும் பட்டியலை மறுபடி கேட்டுப் பார்ப்பது நல்லது. இப்போதுள்ள ஃபைல் எதுவும் இதனால் போகாது. போவது, தவறி அழித்ததை அந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்கும் வாய்ப்பு மட்டுமே. வேறு பேக்கப் செயலிகள் எடுத்த ஸ்னாப்ஷாட்கள் இந்தக் கட்டளைக்குக் கட்டுப்படா. அவற்றை அந்தச் செயலியிலோ டிஸ்க் யுட்டிலிட்டியிலோதான் நீக்க வேண்டும்.

பெரிய ஃபைல்கள் உள்ள ஃபோல்டரை டைம் மெஷினின் விலக்குப் பட்டியலில் சேர்த்தால் தீரும் என்று நினைப்பதும் உண்டு. தீராது. அந்த விலக்கு வெளி டிஸ்க்கில் எழுதப்படும் பேக்கப்புக்கு மட்டும்தான். ஸ்னாப்ஷாட் எப்போதும் முழு வால்யூமையும் பிடிக்கும். தினமும் உருமாறும் விர்ச்சுவல் மெஷின் ஃபைல்களையும் வீடியோ வேலைகளையும் வேறு வால்யூமுக்கு நகர்த்தி, அந்த வால்யூமையே பேக்கப்பிலிருந்து விலக்குவதுதான் நிலையான வழி.

மாதக்கணக்கில் வெளி டிஸ்க்கைச் செருகாதவர்கள் முதலில் செய்ய வேண்டியது வேறு. அவர்களுடைய கடைசி பேக்கப்பின் ஸ்னாப்ஷாட், அன்றைக்கு இருந்து பின்னர் அழிக்கப்பட்ட அத்தனையையும் இன்னும் பிடித்திருக்கக்கூடும். டிஸ்க்கைச் செருகி ஒரு பேக்கப்பை முடிக்க விடுங்கள். புதியது அந்த இடத்துக்கு வந்ததும் பழையதை வைத்திருக்கும் காரணம் நீங்கிவிடும்.