கைக்கு அடங்காத களிமண்

ஸ்டாப் மோஷன் கலைஞர் செய்த களிமண் பொம்மை, கதைப்படி நடக்க மறுக்கிறது. இந்தக் கருவைச் சினிமா வெகுகாலமாகக் கையாண்டு வருகிறது. மாக்ஸ் ஃப்ளைஷர் 1921-இல் எடுத்த ‘மாடலிங்’ படத்தில் சிற்பியின் களிமண் உயிர்பெற்றுத் திரிகிறது. பீட்டர் லார்டின் ‘ஆடம்’ (1992) குறும்படத்தில் படைத்த கையும் படைக்கப்பட்ட மனிதனும் ஒரே திரையில் எதிரெதிரே நிற்கிறார்கள். சிறுகதையில் இதே கருவை எழுதும்போது வேறொரு வலு கிடைக்கிறது. இந்தத் தொழிலில் பொம்மை உண்மையாகவே சொன்னபடி கேட்பதில்லை.

பொம்மை மேசைவரை 18 சென்டிமீட்டர் நடந்து கோப்பையை எடுக்க வேண்டும், அதற்கு மூன்று விநாடி என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 24 படங்கள். ஒவ்வொரு நிலையையும் இருமுறை படம் பிடிப்பது வழக்கம் என்பதால் 36 நிலைகள் தேவை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மில்லிமீட்டர் நகர்வு. கலைஞரின் விரல் ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் குறைவாக நகர்த்தினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கடைசியில் பொம்மை 18 மில்லிமீட்டர் பின்தங்கி நிற்கும், கை கோப்பையைத் தொடாது. நடுவில் ஒரு நிலையை மட்டும் திருத்தவும் முடியாது. பழைய நிலை ஏற்கெனவே பிசைந்து அழிக்கப்பட்டுவிட்டது. மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் கோப்பையை எடுக்காமல் தயங்கி நிற்கும் ஒருவனாகக் கதையை மாற்ற வேண்டும். நல்ல சிறுகதை தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

மற்றக் கோளாறுகளும் ‘மறுப்பு’ போலவே தோன்றும், ஆனால் அடையாளம் கண்டுவிடலாம். இந்த வேலைக்குப் பயன்படும் பிளாஸ்டிசின் எண்ணெய் கலந்த களிமண். காயாது, ஆனால் விளக்குச் சூட்டில் இளகும். அப்போது தலையும் கைகளும் மெல்ல மெல்லக் கீழே சாயும். உள்ளே எலும்பாக இருக்கும் கம்பி, வளைத்து வளைத்து ஓய்ந்து முறிந்தால், ஒரே மூட்டு திடீரெனத் தொங்கும். மேசையை யாராவது இடித்திருந்தால், பொம்மை முழுவதும் ஒரே படத்தில் குதித்து நகர்ந்திருக்கும்.

ஆகவே பொம்மைக்குச் சொந்த விருப்பம் உண்டு என்று வாசகரை நம்பவைக்க விரும்பும் எழுத்தாளர், இந்தக் காரணங்கள் எதற்கும் பொருந்தாத அசைவைத் தேர வேண்டும். குனிந்திருக்க வேண்டிய தலை சிறிது சிறிதாக மேலே நிமிர்வது அப்படிப்பட்டது. சூடும் எடையும் களிமண்ணைக் கீழேதான் இழுக்கும், தூக்கிவிடாது.

கதையின் காலத்தைப் பிலிம் யுகத்தில் வைப்பதும் உதவும். இன்று எடுத்த படங்களை அப்போதே கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். அன்று பிலிம் லேபில் கழுவி வரும்வரை தன் கை செய்தது என்ன என்பது கலைஞருக்கே தெரியாது. நாள் முழுக்கப் பொம்மையோடு தனியாக இருந்தவர், அது தன்னை நிமிர்ந்து பார்த்ததை மறுநாள் திரையில்தான் காண்பார்.