கடன் போட்ட பிறகு வரும் சம்பளச் சீட்டு

கம்பெனியில் வாங்கிய கடன் சம்பளத்தைக் குறைப்பதில்லை, கைக்கு வரும் தொகையைத்தான் குறைக்கிறது. சம்பளச் சீட்டில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 24,000 ரூபாய் வாங்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். பி.எஃப். 1,800 போக 22,200 கைக்கு வரும். ஜூனில், மகள் காலேஜ் ஃபீஸுக்காக 36,000 ரூபாய் வட்டியில்லாக் கடன் வாங்குகிறார். ஜூலை முதல் மாதம் 3,000 வீதம் 12 தவணை. ஜூலைச் சீட்டில் சம்பளம் அதே 24,000தான் இருக்கும். பிடித்தம் பகுதியில் பி.எஃப்.புக்குக் கீழே ‘கடன் பிடித்தம் 3,000’ என்று புதிதாக ஒரு வரி வரும். கைக்கு 19,200. நல்ல கம்பெனியாக இருந்தால் ‘பாக்கி 33,000’ என்றும் போட்டிருப்பார்கள்.

சில இடங்களில் தனி வரி போடாமல் சம்பளத்தையே 21,000 என்று காட்டிவிடுவார்கள். கைக்கு வருவது அதேதான் என்று விட்டுவிடக் கூடாது. நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போனால், பேங்க் அந்த 21,000-ஐத்தான் வருமானமாக எடுத்துக்கொள்ளும். கடனில் 3,000 அடைத்ததற்கும் கையில் சான்று இருக்காது.

மாத நடுவில் வாங்கும் அட்வான்ஸுக்கும் இதே கணக்குதான். 20-ம் தேதி 5,000 வாங்கியிருந்தால், மாதக் கடைசிச் சீட்டில் முழுச் சம்பளமும் வந்து, 5,000 பிடித்தத்தில் நிற்க வேண்டும்.

சிக்கல் லீவு போட்ட மாதத்தில்தான் வரும். நவம்பரில் உடம்பு சரியில்லாமல், சம்பளம் 6 நாளுக்குத்தான், அதாவது 4,800தான் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 576. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இங்கே பாதி என்பது 2,400. ஆகவே கடனுக்கு 1,824 மட்டுமே பிடிக்க முடியும். மீதி 1,176 அடுத்து வரும் மாதங்களுக்குத் தள்ளிப்போகும். அக்டோபரில் 24,000 ஆக இருந்த பாக்கி, நவம்பரில் 21,000 ஆகாமல் 22,176 என்று நிற்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்தாலே சரியாகப் பிடித்தார்களா என்று தெரிந்துவிடும்.

வேலையை விட்டால் தவணைக் கணக்கு அப்படியே தொடராது. கடைசி செட்டில்மென்ட்டில் மொத்தப் பாக்கியையும் கழிக்கப் பார்ப்பார்கள். கடன் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட தாளில் இதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று அப்போதே படித்துவிடுவது நல்லது.

இன்னொரு தவறு தவணை முடியும்போது நடக்கும். கணினியில் முடிவு மாதம் போடாமல் விட்டால் பிடித்தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நம் உதாரணத்தில், தள்ளிப்போன 1,176-ஐ நடுவில் பிடிக்கவில்லை என்றால் 13-வது மாதமான ஜூலையில் அது மட்டும்தான் பாக்கி. அந்தச் சீட்டிலும் 3,000 போயிருந்தால், கம்பெனி அவருக்கு 1,824 ரூபாய் திருப்பித் தர வேண்டும்.