ஏற்றுக்கொண்ட கூப்பன் பில்லில் ஏன் காணோம்?

'கூப்பன் ஏற்கப்பட்டது' என்று திரையில் வருகிறது, மொத்தத் தொகையும் குறைகிறது. நம்பி ஆர்டர் போடுகிறோம். கடைசியில் கையைவிட்டுப் போன பணத்தைக் கணக்குப் பார்த்தால் தள்ளுபடி கிடைக்கவே இல்லை. இணையக் கடைகளில் இப்படி ஏமாந்தவர்கள் பலர். கணக்கு எந்த இடத்தில் மாறுகிறது என்று தெரிந்துகொண்டால், பணத்தைத் திரும்பக் கேட்பது எளிது.

கூப்பன் எண்ணைத் தட்டியதும் கடையின் கணினி சில நிபந்தனைகளை மட்டும் பார்க்கிறது. கூப்பன் இன்னும் காலாவதியாகவில்லையா, கூடையில் உள்ள பொருட்களின் விலை குறைந்தபட்சத் தொகையை எட்டிவிட்டதா என்பவை அவற்றில் முக்கியமானவை. எல்லாம் சரியென்றால் தள்ளுபடியைக் காட்டுகிறது. ஆனால் அதோடு கணக்கு முடிவதில்லை. பணம் கட்டும்போது ஒரு முறையும், பொருளை எடுத்துக் கட்டி பில் போடும்போது இன்னொரு முறையும் தொகையைக் கூட்டும் கடைகள் உண்டு. அப்போதெல்லாம் நிபந்தனைகளும் மறுபடி சோதிக்கப்படலாம்.

மளிகை ஆர்டரில் இது அடிக்கடி நடக்கும். ஒருவர் 1,240 ரூபாய்க்குப் பொருள் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 999 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 200 ரூபாய் தள்ளுபடி என்பது கூப்பன். அவர் 1,040 ரூபாயை யூபிஐ வழியாகக் கட்டிவிடுகிறார். கிடங்கில் 260 ரூபாய் எண்ணெய் மட்டும் இருப்பு இல்லை. கடை அதை ஆர்டரிலிருந்து நீக்குகிறது. மீதிப் பொருட்களின் விலை 980 ரூபாய். அது 999-ஐ எட்டவில்லை என்பதால் கணினி கூப்பனையே எடுத்துவிடுகிறது. பில் 980 ரூபாய்க்கு வருகிறது. 260 ரூபாய்ப் பொருள் வரவில்லை, திரும்பி வந்ததோ வெறும் 60 ரூபாய்.

நியாயமான கணக்கு வேறு. 200 ரூபாய்த் தள்ளுபடியை எல்லாப் பொருட்களுக்கும் விலைக்கேற்பப் பிரித்தால், எண்ணெயின் பங்கு சுமார் 42 ரூபாய். அதைக் கழித்துப் பார்த்தால், அவருக்குத் திரும்ப வேண்டியது சுமார் 218 ரூபாய். வாங்குபவர் தானாகவே ஒரு பொருளைத் திருப்பி அனுப்பி, அதனால் தொகை குறைந்தால், கூப்பனை ரத்துசெய்வோம் என்று பல கடைகள் விதிகளில் எழுதி வைத்திருக்கின்றன. இங்கே அப்படியில்லை. அவர் நிபந்தனையை நிறைவேற்றிவிட்டார், பொருளைத் தர முடியாமல் போனது கடைக்குத்தான். புகாரில் அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

இன்னொரு சிக்கல் வங்கிச் சலுகையில் வருகிறது. குறிப்பிட்ட வங்கியின் கார்டுக்கு மட்டும் தள்ளுபடி என்றிருக்கும். கார்டில் பணம் போகாமல் யூபிஐக்கு மாறினால் அந்தத் தள்ளுபடி சத்தமில்லாமல் போய்விடும். இதைப் பணம் போகும் முன்பே பிடித்துவிடலாம். யூபிஐயில் பின் எண் போடும் முன் தெரியும் தொகையையும், கார்டு என்றால் ஓடிபி செய்தியில் உள்ள தொகையையும் படித்துப் பாருங்கள். கடை காட்டிய தொகையைவிடக் கூடுதலாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 'கேஷ்பேக்' என்று எழுதியிருந்தால் மட்டும் முழுத் தொகை போவது தவறல்ல. தள்ளுபடிப் பணம் பிறகுதான் வரும்.

ஆர்டர் உறுதியான பிறகு விலையைக் கூட்டுவதைச் சட்டமும் கவனித்திருக்கிறது. வாங்குபவரை ஏமாற்றும் இணைய உத்திகளைத் தடுக்க மத்திய அரசு 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பணம் செலுத்தும் கட்டத்தில் காட்டிய தொகையைவிட அதிகமாக வசூலிப்பது, அதில் தடைசெய்யப்பட்ட உத்திகளில் ஒன்று.

ஆகவே ஆர்டரை உறுதி செய்யும் முன், கூப்பனும் மொத்தத் தொகையும் ஒன்றாகத் தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கூப்பனின் நிபந்தனைகளையும் அப்படியே எடுத்து வையுங்கள், சலுகை முடிந்ததும் அந்தப் பக்கம் மறைந்துவிடக்கூடும். தவறு நடந்தால் முதலில் கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அங்கே பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதற்கும் மேலே போக நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் அங்கே வழக்குப் போட வேண்டும்.

புகாரில் 'கூப்பன் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால், விதிகளைப் படிக்கச் சொல்லி ஒரு பதில் வரும், அவ்வளவுதான். ஆர்டரின்போது காட்டிய தொகை, பில் தொகை, வராத பொருளின் விலை, உங்களுக்குச் சேர வேண்டிய பணம் ஆகிய நான்கையும் வரிசையாக எழுதுங்கள். அந்தக் கணக்கில் எது தவறு என்று கடைதான் சொல்ல வேண்டியிருக்கும்.