ஒலிக் கணக்கில் நெருங்கி நிற்கும் விடைகள்

ஒலியியல் வினாக்களில் தரப்படும் நான்கு விடைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பது வழக்கம். 507, 509, 515, 517 என்று அவை அணிவகுத்ததும், பெருக்கலில் எங்கோ பிசகியிருப்போம் என்று ஐயுற்று மாணவர் மீண்டும் கணக்கிடத் தொடங்குவர். அந்த உழைப்பு பெரும்பாலும் வீண். ஒலியைப் பற்றிய ஒரு தவறான கருத்தை நம்பி, அதன்பின் ஒரு பிழையுமின்றிக் கணக்கிட்டால் கிடைக்கும் எண்ணையே வினா அமைப்பவர் தவறான விடையாக வைக்கிறார். எனவே நெருங்கிய விடைகளைப் பிரித்தறிய, காற்றில் என்ன நிகழ்கிறது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். விம்மல், குழாயின் ஒத்ததிர்வு, டாப்ளர் விளைவு ஆகிய மூன்றிலிருந்தும் ஒவ்வொரு வினாவை எடுத்துக்கொண்டு இதைக் காண்போம்.

மெழுகு சொல்லும் தீர்ப்பு

512 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட இசைக்கவையோடு, அதிர்வெண் அறியாத வேறொரு கவையும் ஒலிக்கிறது. நொடிக்கு 5 விம்மல்கள் கேட்கின்றன. அறியாத கவையின் புயத்தில் மெழுகு ஒட்டியதும் விம்மல்கள் 3 ஆகக் குறைகின்றன. மெழுகு ஒட்டுமுன் அக்கவையின் அதிர்வெண் என்ன?

அதிர்வெண்ணில் சிறிது வேறுபட்ட இரண்டு ஒலிகள் சில கணங்களில் ஒருசேர அழுத்தி ஓங்குகின்றன. சில கணங்களில் எதிரெதிராக இயங்கி அடங்குகின்றன. இந்த ஏற்றத்தாழ்வே விம்மல். ஒரு நொடியில் எழும் விம்மல்களின் எண்ணிக்கை இரு அதிர்வெண்களின் வேறுபாட்டுக்குச் சமம். ஆனால் இரண்டில் எது பெரியது என்பதை விம்மல் உரைப்பதில்லை. 507 ஆனாலும் 517 ஆனாலும் செவிக்கு எட்டுவது அதே ஐந்துதான். அந்த இரட்டை நிலையை அவிழ்க்கவே மெழுகு வருகிறது. மெழுகு புயத்தின் நிறையைக் கூட்டுகிறது, நிறை கூடினால் கவை மெல்ல அதிரும், அதிர்வெண் குறையும்.

கவை 507-இல் இருந்திருந்தால் மெழுகு அதனை 512-இலிருந்து மேலும் விலக்கியிருக்கும். விம்மல்கள் ஐந்தைக் கடந்து பெருகியிருக்கும். அவை குறைந்தன என்பதால் கவை மேலிருந்து கீழே இறங்கி வந்திருக்கிறது. ஆகவே விடை 517. எஞ்சிய மூன்றும் எங்கிருந்து வந்தன என்பதும் இப்போது விளங்கும். 507 என்பது மெழுகின் விளைவைத் தலைகீழாகக் கருதியவருக்கு உரியது. 515-உம் 509-உம் மெழுகு ஒட்டிய பின்னுள்ள நிலையைக் கணக்கிட்டவருக்கு உரியவை. வினாவோ முந்தைய நிலையைக் கேட்கிறது.

இங்கே நுட்பம் ஒன்று உண்டு. ஒட்டிய மெழுகு சிறிதாயின் கவை 517-இலிருந்து 515-க்கு வந்திருக்கும். மிகுதியாயின் 512-ஐத் தாண்டி 509 வரை இறங்கியிருக்கும். இரண்டிலும் விம்மல் மூன்றே. இரண்டிலும் தொடக்கம் 517-தான். விம்மல் குறைந்தால், மெழுகின் அளவை அறியாமலேயே தீர்ப்பு உறுதியாகிறது. விம்மல் 7 ஆகப் பெருகியது என்று வினா சொல்லியிருந்தால் நிலைமை வேறு. கவை 507-இலிருந்து 505-க்கு வந்திருக்கலாம். 517-இலிருந்து நெடுந்தொலைவு இறங்கியும் அதே 505-ஐ அடைந்திருக்கலாம். அத்தகைய வினாவில் ‘சிறிதளவு மெழுகு’ என்னும் சொற்கள் இல்லையேல் வினாவே குறையுடையது. ஆய்வறையில் இந்த ஐயத்தைத் தீர்க்க மெழுகைக் கடுகளவாகச் சேர்த்துக்கொண்டே வரவேண்டும். விம்மல்கள் தளர்ந்து, ஒருகணம் நின்று, மீண்டும் பெருகினால் கவை 512-ஐக் கடந்து இறங்கிவிட்டது என்று பொருள்.

குழாயின் வாய்க்கு வெளியே

512 ஹெர்ட்ஸ் கவையை நீர் நிறைந்த ஒத்ததிர்வுக் குழாயின் வாயருகே பிடித்து, நீர்மட்டத்தைப் படிப்படியாக இறக்குகிறோம். காற்றுத்தம்பத்தின் நீளம் 16.0 செ.மீ. ஆகும்போது ஒலி முதன்முறை ஓங்குகிறது, 50.1 செ.மீ. ஆகும்போது மறுமுறை ஓங்குகிறது. காற்றில் ஒலியின் விரைவு என்ன? நொடிக்கு 328, 331, 342, 349 மீட்டர் என்பன தரப்பட்ட விடைகள்.

நீர்மட்டத்தில் காற்று அசைய இயலாது. அங்கே கணு அமைகிறது. திறந்த வாயில் காற்று தடையின்றி அசைகிறது, அங்கே எதிர்க்கணு. ஆகவே முதல் ஒத்ததிர்வில் தம்பத்தின் நீளம் அலைநீளத்தில் கால்பங்கு என்று பாடம் சொல்கிறது. இதை அப்படியே கொண்டால் விரைவு 4 × 512 × 0.160, அதாவது 328. இரண்டாம் ஒத்ததிர்வில் நீளம் முக்கால் பங்கு. அதனை மட்டும் கொண்டு கணக்கிட்டால் 342. ஒரே குழாய், ஒரே கவை, ஒரே காற்று. விரைவு மட்டும் இரண்டாக வருவது எப்படி?

குழாயின் விளிம்போடு காற்றின் அசைவு சட்டென முடிந்துவிடுவதில்லை என்பதே காரணம். வாய்க்குச் சற்று மேலே உள்ள காற்றும் தம்பத்தோடு சேர்ந்து முன்னும் பின்னும் அசைகிறது. எதிர்க்கணு விளிம்புக்கு வெளியே, குழாயின் விட்டத்தில் ஏறத்தாழ 0.3 பங்கு உயரத்தில் நிற்கிறது. இவ்வுயரமே முனைத் திருத்தம். நாம் அளவுகோலால் அளக்கும் நீளம் மெய்யான நீளத்தைவிட எப்போதும் இவ்வளவு குறைந்தே இருக்கும். இக்குறை இரண்டு ஒத்ததிர்வுக்கும் ஒன்றேயாதலால், இரண்டாம் நீளத்திலிருந்து முதல் நீளத்தைக் கழித்தால் அது மறைந்துபோகிறது. எஞ்சும் 34.1 செ.மீ. அலைநீளத்தில் சரிபாதி. விரைவு 2 × 512 × 0.341, அதாவது நொடிக்கு 349 மீட்டர்.

331 என்பது 0 பாகை செல்சியசில் ஒலிக்கு உரிய விரைவு. அளவீட்டைப் பாராமல் நினைவிலிருந்து விடை சொல்வோரை அது ஈர்க்கும். வெப்பநிலை ஒரு பாகை உயர உயர விரைவு நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது. 30 பாகையில் அது 349-ஐ ஒட்டி வருமாதலால், வெப்பமான அறையில் நாம் பெற்ற விடை பொருந்துகிறது.

அளவீடு செம்மையானதா என்று கண்டறியவும் எளிய வழியுண்டு. இரண்டாம் நீளம் முதல் நீளத்தின் மும்மடங்கைவிடச் சற்றே மிகுந்திருக்க வேண்டும். இங்கே மும்மடங்கு 48.0, அளந்தது 50.1. மிகுதியான 2.1-இல் பாதி, அதாவது 1.05 செ.மீ., முனைத் திருத்தம். குழாயின் விட்டம் 3.5 செ.மீ. ஆயின் அதன் 0.3 பங்கும் 1.05 ஆகும். இரண்டாம் நீளம் மும்மடங்கைவிடக் குறைந்துவிட்டால், ஒலி ஓங்கிய இடத்தைத் தவறவிட்டுவிட்டோம் என்று அறியலாம். இவ்வழியிலும் ஓர் எல்லையுண்டு. ஒவ்வொரு நீளத்திலும் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் விரைவில் 2 மீட்டர் வரை வேறுபாடு வரும். ஆகவே இச்செய்முறையைக் கொண்டு 349-ஐயும் 350-ஐயும் பிரித்தறிய முடியாது. இனி வரும் கணக்குகளுக்கு 350 என்றே கொள்வோம்.

நகர்வது யார்?

டாப்ளர் தம் கருத்தை வெளியிட்டது 1842-இல். அதனை ஐயுற்ற நெதர்லாந்து அறிஞர் பைஸ் பாலட் 1845-இல் தொடர்வண்டியில் ஊதுகொம்புக் கலைஞரை ஏற்றி, இருப்புப்பாதையோரம் தேர்ந்த செவியுடைய இசைவாணரை நிறுத்தி ஆய்ந்தார். ஒலியைப் பொறுத்தவரை டாப்ளரின் கருத்தே மெய்யாயிற்று. வண்டி மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் விரைவில் அணுகினால் சுருதி ஓர் அரைச்சுரம் உயரும். பயின்ற செவி அதனை எளிதில் உணரும்.

500 ஹெர்ட்ஸ் ஊதல் ஒன்று நொடிக்கு 35 மீட்டர் விரைவில் நம்மை அணுகினால் 555.6 ஹெர்ட்ஸ் கேட்கும். ஊதல் நிற்க, நாம் அதே விரைவில் அதனை அணுகினால் 550 கேட்கும். இடைவெளி குறையும் விரைவு ஒன்றாயிருந்தும் விடை வேறுபடுகிறது.

நின்ற ஊதலின் அலைநீளம் 350-ஐ 500-ஆல் வகுக்க வரும் 0.70 மீட்டர். ஊதல் நகர்ந்தால், ஓர் அலை கிளம்பி அடுத்தது கிளம்புவதற்குள் அது 0.07 மீட்டர் முன்னேறிவிடும். காற்றில் பரவும் அலைநீளமே 0.63 ஆகச் சுருங்கிவிடும். 350-ஐ 0.63-ஆல் வகுத்தால் 555.6. கேட்பவர் நகரும்போது காற்றிலுள்ள அலைகளுக்கு எதுவும் நேர்வதில்லை, 0.70 மீட்டர் அலைகளை அவர் நொடிக்கு 385 மீட்டர் விரைவில் எதிர்கொள்கிறார், அவ்வளவே. 385-ஐ 0.70-ஆல் வகுத்தால் 550. ஒலியின் விரைவு காற்றைச் சார்ந்தது. ஆகவே காற்றைப் பொறுத்து யார் நகர்கிறார் என்பதே விடையை முடிவு செய்கிறது. இருவரும் நிற்க, சீரான காற்று மட்டும் வீசினால் அதிர்வெண் சிறிதும் மாறாது. அலையின் விரைவும் அலைநீளமும் ஒரே விகிதத்தில் மாறிவிடுகின்றன.

சுவரை நோக்கி நடக்கும் கவை

விம்மலும் டாப்ளர் விளைவும் கூடும் வினா இது. 500 ஹெர்ட்ஸ் ஒலிமூலத்தை ஏந்தியவர் நெடுஞ்சுவர் ஒன்றை நோக்கி நொடிக்கு 2 மீட்டர் விரைவில் நடக்கிறார். அவர் செவியில் நொடிக்கு எத்தனை விம்மல்கள் விழும்? விடைகள்: 0, 2.87, 5.71, 5.75.

சுவரை அடையும் ஒலி 500 × 350 ÷ 348, அதாவது 502.87 ஹெர்ட்ஸ். சுவர் அதனை அவ்வாறே திருப்பியனுப்புகிறது. அந்த எதிரொலியை நடப்பவர் எதிர்கொண்டு செல்வதால் அது அவருக்கு 502.87 × 352 ÷ 350, அதாவது 505.75 ஆகிறது. கையிலுள்ள மூலம் அவருக்கு 500 ஆகவே ஒலிக்கிறது. விம்மல் 5.75.

மற்ற மூன்று எண்களும் வேறு இடங்களில் நிற்பவருக்கு உரிய மெய்யான விடைகள். நடப்பவருக்கும் சுவருக்கும் இடையே நிற்பவருக்கு நேரொலியும் எதிரொலியும் 502.87-தான், விம்மல் 0. சுவரருகே மற்றொரு 500 ஹெர்ட்ஸ் கவையை ஒலிக்கவிட்டு நிற்பவர் 2.87 விம்மல்களைக் கேட்பார். நடப்பவருக்குப் பின்னே நிற்பவருக்கு, விலகிச் செல்லும் மூலத்தின் நேரொலி 497.16, சுவரிலிருந்து வருவது 502.87, விம்மல் 5.71.

5.71, 5.75 ஆகிய இரண்டில்தான் இடர் மிகுதி. நடையின் விரைவு ஒலியின் விரைவைவிட மிகச் சிறியது என்று கருதி, அதிர்வெண்ணை நடைவிரைவின் இருமடங்கால் பெருக்கி 350-ஆல் வகுப்பது பலருக்கும் பழகிய குறுக்குவழி. அது தரும் எண் 5.71. பின்னே நிற்பவருக்கு அது பொருந்தும். நடப்பவருக்கு வகுக்க வேண்டிய எண் 348. இவ்விரு விடைகளையும் செவியால் பிரிக்க எண்ணினால், ஒரு விம்மல் வேறுபடவே ஏறத்தாழ 30 நொடி ஆகும். அதற்குள் 60 மீட்டர் நடந்திருப்போம். செய்முறையில் குறுக்குவழி தரும் பிழை இவ்வாறு புலனுக்கு அகப்படாமலே போய்விடும். 5.71-உம் 5.75-உம் அடுத்தடுத்து அச்சான தாளிலோ அவ்வழி நேரே தவறான விடைக்கு இட்டுச் செல்லும். விடைகள் இவ்வளவு நெருங்கியிருந்தால் தோராயத்தை விலக்கி, கேட்பவர் நிற்கும் இடத்தை உறுதிசெய்து, முழு வாய்பாட்டையே கையாள வேண்டும்.