சிவப்பாய்த் தெரியும் பசுமை

2019ஆம் ஆண்டுக் கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறக்குறைய முற்றிலும் வறண்டு கிடந்ததை வானிலிருந்து எடுத்த படங்களில் கண்டு வருந்தாதார் இல்லை. ஆனால் அதே ஏரிகளை ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 பதிவு செய்த கோப்பைத் தாமே இறக்கி, மனிதக் கண் காணும் இயற்கை வர்ணத்தில் திரையில் விரித்துப் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே கிட்டும். மங்கிய பழுப்பும் சாம்பலுமாக ஒரு பரப்பு தெரியும்; அதில் பாசி படர்ந்த ஏரிநீர் எது, கரையோரத்துப் புதர் எது என்று பிரித்தறிவது எளிதன்று.

இந்த மயக்கத்துக்குக் காரணம், நம் கண் கிரகிக்கும் ஒளிக்குள் இப்பொருள்களுக்கிடையே உள்ள பேதம் மிகச் சொற்பமாக இருப்பதேயாகும். உயிருள்ள இலையில் உள்ள பச்சையம் சிவப்பொளியையும் நீலவொளியையும் உறிஞ்சிக்கொண்டு, பச்சையை மட்டும் சிறிதளவு திருப்பியனுப்புகிறது. ஆனால் சிவப்புக்கு அப்பால், கண்ணுக்குப் புலனாகாத அண்மை அகச்சிவப்பில், இலையின் உள்ளே காற்றிடைவெளிகளோடு அமைந்த உயிரணுக்கள் அவ்வொளியைச் சிதறடிப்பதால், செழித்த மரச்செறிவு தன்மேல் விழுந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகப் பிரதிபலிக்கிறது. தண்ணீரின் ஸ்வபாவமோ இதற்கு நேர்மாறானது. அகச்சிவப்பை அது விழுங்கிவிடுகிறது. ஆகவே கண்ணுக்கு ஒன்றுபோலிருந்த நீரும் புதரும் இங்கே ஒன்றுக்கொன்று பத்து மடங்குக்கும் மேல் வேறுபட்டு நிற்கின்றன.

காணமுடியாத இந்த ஒளியைக் காணச் செய்யும் உபாயமே போலி வண்ணம். திரைக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வழிகளே உண்டு. அவற்றில் அகச்சிவப்பைச் சிவப்பு வழியிலும், சிவப்பைப் பச்சை வழியிலும், பச்சையை நீல வழியிலும் செலுத்துவது நெடுநாளைய சம்பிரதாயம். இரண்டாம் உலகப் போரில், பச்சைச் சாயம் பூசி மறைத்த தளவாடங்களை உயிருள்ள தழையிலிருந்து பிரித்துக்காட்டப் பயன்பட்ட அகச்சிவப்புப் படச்சுருளும் இந்த வரிசையிலேயே வர்ணங்களை மாற்றியது. 1972 ஜூலையில் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட்டின் படமெடுக்கும் கருவியில் நீலத்துக்கான பேண்டே இல்லாமையால், அதன் படங்களுக்கு இயற்கை வர்ணம் கிடையாது. போலி வண்ணமே அவற்றின் இயல்பான உருவமாயிற்று. சென்டினல்-2 கோப்பில் இந்தச் சேர்க்கை B8, B4, B3 என்று அமையும்.

எனினும், பேண்டுகளை இடம்மாற்றி வைத்த மாத்திரத்தில் படம் துலங்கிவிடுவதில்லை. கோப்பில் ஒவ்வோர் இடத்தின் பிரதிபலிப்பும் பத்தாயிரத்தால் பெருக்கிய எண்ணாகப் பதிந்திருக்கும். திரையோ 0 முதல் 255 வரையிலான படிகளையே அறியும். சிவப்புப் பேண்டில் நிலத்தின் பெரும்பகுதி 200க்கும் 2000க்கும் இடையே அடங்கிவிடுவதாகக் கொண்டால், 10000ஐ 255க்குச் சமமாக்கும்போது அந்நிலம் முழுவதும் 5க்கும் 51க்கும் இடைப்பட்ட இருளில் புதைந்துபோகும். மேலே உள்ள படிகள் யாவும் மேகத்தின் உச்சிக்காகக் காத்துக்கிடக்கும். இந்த வீணடிப்பைத் தவிர்த்து, உண்மையில் எண்கள் வாழும் குறுகிய வீச்சைத் திரையின் முழு வீச்சுக்கு இழுத்துப் பரப்புவதே கான்ட்ராஸ்ட் நீட்டல் எனப்படுவது.

```
திரை எண் = 255 × (மூல எண் − கீழெல்லை) / (மேலெல்லை − கீழெல்லை)
```

செம்பரம்பாக்கத்தை ஒத்த ஓர் ஏரிப் பிரதேசத்தை எடுத்துக்கொண்டு, எல்லைகளை B8க்கு 200–4000, B4க்கு 200–2000, B3க்கு 400–1800 என்று வைப்போம். ஒரு தோப்பின் எண்கள் முறையே 3500, 400, 600 எனில், திரையில் அது 221, 28, 36 ஆகி நல்ல சிவப்பாய் எழும். ஏரிநீர் 300, 480, 700 எனில், 7, 40, 55 ஆகிக் கருநீலமாய்த் தாழும். காங்கிரீட் கூரைகள் நிறைந்த தெரு 2200, 1690, 1500 எனில், 134, 211, 200 ஆகி நீலப்பச்சையாய்ச் சாயும். இக்கடைசிக் கணக்கைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கூரையின் மூல எண்களில் அகச்சிவப்பே பெரிது; அப்படியிருந்தும் அது சிவப்பாகத் தெரியாததற்குக் காரணம், ஒவ்வொரு பேண்டும் தனித்தனியே நீட்டப்பட்டதுதான். போலி வண்ணப் படங்களில் நகரங்கள் நீலப்பச்சையாகத் தோன்றுவதை நகரத்தின் குணம் என்று மட்டும் எண்ணுவது தவறு. அதில் பாதி, நாம் தேர்ந்த எல்லைகளின் குணம்.

அவ்வெல்லைகளைத் தேரும் விதத்தில்தான் சாதாரணமாகப் பிழைகள் நேர்கின்றன. மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் எல்லைகளாக வைத்தால், ஓரத்திலுள்ள ஒரே ஒரு மேகத்துணுக்கு மேலெல்லையைக் கவர்ந்துகொண்டு படம் முழுவதையும் இருட்டாக்கிவிடும். அதற்காகவே QGISஇல் Cumulative count cut என்ற வழி, இருபுறமும் இரண்டிரண்டு சதவீதத்தை ஒதுக்கிவிட்டு எல்லை வகுக்கிறது. மேகம் அந்த இரண்டு சதவீதத்தை மிஞ்சினால் இதுவும் கைவிடும். சென்னைப் படத்தில் மற்றோர் இடையூறும் உண்டு: கிழக்கே விரிந்த வங்கக் கடல். எண்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் திரைப்படிகளைப் பங்கிடும் Histogram equalization முறையைக் கடலோடு சேர்த்துப் பிரயோகித்தால், படிகளில் பெரும்பங்கைக் கடலே வாங்கிக்கொள்ள, அலையின் அற்ப வேறுபாடுகள் மலைபோல் பெருகித் தெரியும். நிலமோ எஞ்சிய சில படிகளில் நெருக்குண்டு கிடக்கும். கடலில் திடீரென்று வரிவரியாக வர்ணங்கள் தோன்றுவதே இக்கோளாறின் அடையாளம். முதலில் நிலப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, பிறகு எல்லைகளைக் கணக்கிடுவதே உசிதமானது.

இரண்டு காலத்துப் படங்களை அருகருகே வைக்கும்போது இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். நிறைந்த ஏரியுள்ள ஆண்டுக்கும் வறண்ட ஆண்டுக்கும் சதவீத எல்லைகளைத் தனித்தனியே வகுக்கவிட்டால், வறட்சியில் வாடிய செடிகொடிகளையும் மென்பொருள் இழுத்து உயர்த்திச் செக்கச்செவேலென்று காட்டிவிடும்; பார்ப்பவர் பசுமை குறையவில்லை என்றே நம்புவார். ஆகையால் ஒரு படத்துக்கு வகுத்த எல்லைகளை, Min, Max கட்டங்களில் கையால் எழுதி, மற்றதற்கும் அப்படியே இடவேண்டும். அதற்கும் முன் கோப்பின் விவரப் பட்டியலில் BOA_ADD_OFFSET என்ற பதிவு உண்டா என்று பார்த்துக்கொள்வது அவசியம்; 2022 ஜனவரி 25 முதல் பதனம் செய்யப்படும் கோப்புகளில் எல்லா எண்களோடும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. அதைக் கழிக்காமல் பழைய கோப்போடு ஒப்பிட்டால், 300 ஆக இருக்கவேண்டிய ஏரிநீர் 1300 ஆகி, மூடுபனி படிந்ததுபோல் வெளிறித் தெரியும்.

B8, B4, B3 சேர்க்கைக்கு வசப்படாத விஷயங்களும் உள. சேறு கலந்த நீர் அகச்சிவப்பைச் சிறிது திருப்பியனுப்புவதால் கரையோரம் தெளிவிழக்கும். அப்பொழுது, குற்றலை அகச்சிவப்பான B11ஐச் சிவப்பு வழியிலும், B8ஐப் பச்சை வழியிலும், B4ஐ நீல வழியிலும் செலுத்தலாம். கலங்கல் நீரும் B11இல் ஏறக்குறைய இருளாகவே இருப்பதால் கரை கூர்மை பெறும், தோப்புகள் பச்சையாகும், கட்டடப் பரப்பு ஊதா கலந்த இளஞ்சிவப்பாகும். ஆனால் B11இன் ஒரு கட்டம் நிலத்தில் 20 மீட்டர், மற்றவற்றினது 10 மீட்டர்; ஆதலால் குறுகிய ஓடைகள் கரையோடு கலந்து மறையக்கூடும். ஆகாயத்தாமரை மூடிய நீரோ எந்தச் சேர்க்கையிலும் செடியாகவே தோன்றும். ஒளி அதன் இலையோடு நின்றுவிடுகிறது.

எல்லாவற்றினும் கடினமானது, வறண்ட ஏரிப்படுகையையும் புதிதாய் எழுந்த குடியிருப்பையும் பிரித்தறிவது. ஈரம் நீங்கிய மண்ணும் காங்கிரீட்டும் குற்றலை அகச்சிவப்பில் ஒருங்கே பளிச்சிடுவதால், ஒரே நாளின் படத்தை எப்படி நீட்டினாலும் இந்தச் சந்தேகம் தீராது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மேகமற்ற ஜனவரி நாளொன்றின் படத்தை அதே எல்லைகளில் எதிரே வைக்கவேண்டும். அதற்குள் படுகை நீரால் கறுத்திருக்கும், அல்லது புல் முளைத்து மாறியிருக்கும். கோடையில் இருந்த நிறத்திலேயே ஜனவரியிலும் நிற்பவை பெரும்பாலும் கூரைகளும் சாலைகளுமே.