கல்யாண மண்டபத்துக்கு எந்த லொகேஷன் அனுப்புவது?

காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். முந்தின நாள் மாலை வரவேற்பு. இரவு பஸ் பிடித்தும் விடியற்காலையில் கார் எடுத்தும் வரப்போகிற வெளியூர்ச் சொந்தங்களுக்காக, பெண்ணின் அண்ணன் மண்டபத்து வாசலில் நின்றபடி மாலை 7 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் லொகேஷன் போடுகிறார். லொகேஷன் பக்கத்தைத் திறந்ததும் மேலே தெரிவது Share live location. அதைத் தட்டினால் 15 நிமிடமா, 1 மணி நேரமா, 8 மணி நேரமா என்று கேட்கும். எல்லாரும் வந்து சேரட்டும் என்ற நல்லெண்ணத்தில் 8 மணி நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

இரவு பத்து மணிக்கு அவர் சித்தப்பாவை அழைத்துவர ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிறார். அங்கிருந்து பூ மார்க்கெட். பிறகு ஒரு மணி நேரமாவது கண்ணை மூடலாம் என்று வீடு. மண்டபம் என்று நினைத்து அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு வருகிறவர்கள், அவர் போன இடமெல்லாம் போகிறார்கள். அதிகாலை 3 மணிக்கு எட்டு மணி நேரம் தீர்ந்து பகிர்வு நின்றுவிடுகிறது. நாலரைக்கு எழுந்து கிளம்புகிறவர் அதைத் தட்டினால், முடிந்துபோன பகிர்வு என்று காட்டுமே தவிர வழி காட்டாது. அந்த நேரத்தில் பெண் வீட்டில் யார் போனை எடுப்பார்கள்?

லைவ் லொகேஷன் இடத்தைக் காட்டுவதில்லை. அனுப்பியவரின் போன் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. மண்டபத்துக்கும் கடைக்கும் தேவை நிலையான பின். அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே Send your current location என்று இருப்பது அதற்கானதுதான். அந்த நொடியில் போன் நிற்கும் இடத்தை ஒருமுறை குறித்து அனுப்பிவிடும். பிறகு நீங்கள் எங்கே போனாலும் அது மாறாது, காலாவதியும் ஆகாது. வாங்கியவர் அதை மற்றவர்களுக்கு ஃபார்வர்டும் செய்யலாம். நூறு பேர் இருக்கும் குழுவில், பாதிப் பேரை நேரில்கூடப் பார்த்திராத நிலையில், ராத்திரி முழுக்க உங்கள் நடமாட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் நிலையும் இதில் இல்லை. எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை, பெண் பிள்ளைகளின் போனிலிருந்து அனுப்பும்போது குறிப்பாக.

ஆனால் இந்த இரண்டாவது பொத்தானிலும் கவனம் வேண்டும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைத் தட்டினால் வீடுதான் போகும். மண்டபத்துக்குள் கான்கிரீட் கூரைக்கு அடியில் நின்று தட்டினால், செயற்கைக்கோள் சமிக்ஞை சரியாகக் கிடைக்காமல் புள்ளி அடுத்த தெருவில் விழலாம். பொத்தானுக்குக் கீழேயே எத்தனை மீட்டர் துல்லியம் என்று சின்ன எழுத்தில் காட்டும். வாசலுக்கு வெளியே, வானம் தெரியும் இடத்தில் சிறிது நேரம் நின்றால் அந்த எண் குறையும். பத்து மீட்டர் வாக்கில் வந்த பிறகு அனுப்பலாம்.

நேரில் போக முடியாதவர் கூகுள் மேப்பில் மண்டபத்தின் பெயரைத் தேடி எடுத்து அனுப்பலாம். ஆனால் லட்சுமி மஹால், முருகன் மஹால் போன்ற பெயர்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஒரே ஊரில் இரண்டும் இருக்கும். பெயர் பொருந்துகிறது என்பதோடு நிற்காமல் தெருப் பெயரையும் மற்றவர்கள் போட்டிருக்கும் படங்களையும் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

பெயர் சரியாக இருந்தும் வழி தவறுவதுண்டு. இதுதான் பலருக்கும் தெரியாத இடம். மேப் வழி சொல்லும்போது, புள்ளிக்கு மிக அருகில் இருக்கும் சாலை வரைக்கும்தான் கொண்டுபோய் விடுகிறது. பெரிய மண்டபத்தின் நடுவில் புள்ளி இருந்து, சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு சந்து ஓடினால், கார்கள் அந்தச் சந்தில் போய் நிற்கும். நடுவே காம்பவுண்டுச் சுவர். நான்குவழிச் சாலை ஓரத்து மண்டபமானால் இன்னும் சிக்கல். புள்ளி கொஞ்சம் நகர்ந்து எதிர்ப்பக்கச் சாலையில் விழுந்தால், மண்டபம் கண்ணெதிரே தெரியும், ஆனால் நடுவில் தடுப்பு. அடுத்த திருப்பம் வரை போய்த்தான் சுற்றிவர வேண்டும்.

அதனால் நான் சொல்லும் முறை, புள்ளியைக் கட்டடத்தின் மேல் வைக்காமல், வண்டி நுழையும் கேட்டுக்கு முன்னால் இருக்கும் சாலையில் வைப்பது. கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு, கூரையும் கேட்டும் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கி, அந்த இடத்தில் விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் சிவப்புப் பின் விழும். அதை Share கொடுத்து வாட்ஸ்அப்புக்கு அனுப்பலாம். அனுப்பும் முன் ஒரு சோதனை. Directions தட்டி, புறப்படும் இடமாக ஊர் பஸ் ஸ்டாண்டைக் கொடுத்து, நீலக் கோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள். நெடுஞ்சாலையாக இருந்தால் இரு திசையிலிருந்தும் பாருங்கள். கோடு கேட்டில் முடிந்தால் சரி. பின்பக்கச் சந்திலோ ரயில் பாதைக்கு அப்பாலோ முடிந்தால், புள்ளியை நகர்த்தி மறுபடி பாருங்கள்.

பின் விழுந்ததும் அதற்குரிய இரண்டு எண்களும் கிடைக்கும். மதுரையானால் 9.9 என்றும் 78.1 என்றும் தொடங்கும். சாதாரண எஸ்எம்எஸ்ஸில் வழி அனுப்ப இவை உதவும், ஆனால் அப்படியே நகலெடுக்க வேண்டும். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவுக்கு இடம் சொல்லும். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் அளவுக்குத்தான். வரிசை மாற்றி 78.1 முதலில் போட்டால், மதுரை மண்டபம் ஆர்க்டிக் பகுதியின் கடலில் இருப்பதாக மேப் காட்டும்.

குழுவில் அனுப்பிய பின் வாழ்த்துகளுக்கும் படங்களுக்கும் அடியில் புதைந்துவிடும். அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, குழுவின் மேலேயே நிற்கும்படி 30 நாள் வரை பொருத்திவைக்கலாம். கூடவே ஒரு வரி எழுதுங்கள்: எந்த பஸ் நிறுத்தம், எந்தப் பெட்ரோல் பங்க் எதிரில், கார் நிறுத்த எந்த கேட். நெட் கிடைக்காத இடத்தில் மாட்டிக்கொண்டவருக்கு அந்த வரிதான் துணை. பத்திரிகையில் க்யூஆர் அச்சிடுகிறவர்கள், அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் வேறொருவர் போனில் ஸ்கேன் செய்து பாருங்கள். சில இணையதளங்கள் இலவசமாகத் தரும் க்யூஆர், அவர்களுடைய முகவரி வழியாகச் சுற்றிப் போகும். இலவச காலம் முடிந்தால் வேலை செய்யாது. மேப் இணைப்பையே நேரடியாகக் கொண்ட க்யூஆர் கேட்டு வாங்குங்கள்.

லைவ் லொகேஷனுக்கு உரிய வேலையும் கல்யாண வீட்டில் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் வேன் எங்கே வருகிறது, ஆரத்தித் தட்டு எப்போது எடுக்கலாம் என்று தெரிய, வேனில் இருக்கும் ஒருவர் ஒரு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் போதும். வந்து இறங்கியதும் நிறுத்திவிடலாம்.

கடைக்காரர்களுக்கு ஒன்று மட்டும் கூடுதல். கடையை அடுத்த தெருவுக்கு மாற்றினாலும், முன்பு அனுப்பிய பின் வாடிக்கையாளர்களின் போனில் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அதை அவர்கள் போனில் நாம் திருத்த முடியாது. புதிய பின்னை அனுப்பும்போது ‘பழையதை நீக்கிவிடுங்கள்’ என்று எழுதுவதோடு, கூகுள் மேப்பில் கடைப் பக்கத்தைத் திறந்து Suggest an edit வழியாக இடத்தை மாற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். உடனே மாறிவிடாது, கூகுள் சரிபார்த்த பிறகே மாறும். அதனால் சாமான் ஏற்றும் நாள்வரை காத்திராமல் முன்கூட்டியே திட்டமிட்டு, மாறும்வரை பழைய கடைக் கதவில் புதிய முகவரியை ஒட்டிவைக்கலாம்.